குழந்தை சொல்லும் கதையை 16 பக்கப் படப் புத்தகமாக்குவது எப்படி?

ஐந்து வயது மகள் ஒரு நாள் மாலை ஒரு நத்தைக் கதை சொன்னாள். அதைப் புத்தகமாக்க முயன்று முதல் முறை தோற்றேன். நான் அழகாகத் திருத்தி எழுதிக் காட்டிய பக்கங்களை இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு, "இது என் கதை இல்லை" என்று எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். இரண்டாவது முறை செய்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வீட்டிலோ வகுப்பிலோ முதல்முறையாக இதைச் செய்யப் போகிறவர்கள் என்னைப்போல மூன்று வாரங்களை வீணாக்க வேண்டியதில்லை.

நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தை ஒரே மூச்சில் சொல்லும் கதைக்கு இந்த அளவு போதும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அளவை வைத்தே செல்கிறது.

1. சொல்லும்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள்

கையில் பேனாவுடன் உட்காராதீர்கள். நாம் எழுதி முடிக்கும்வரை குழந்தை காத்திருக்காது. காத்திருந்தால் கதையை நம் வேகத்துக்குச் சுருக்கிக்கொள்ளும். கைபேசியில் பதிவை ஓடவிட்டு அதைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். திரை தெரிந்தால் குழந்தையின் கவனம் அங்கே போய்விடும்.

இடையில் "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் அப்படிச் செய்தது?", "அது நல்ல தவளையா?" போன்ற கேள்விகள் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் குழந்தை ஒரு பதிலை உருவாக்கும், அந்தப் பதில் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு எது அதன் கதை, எது உங்கள் கேள்வி என்று பிரிக்க முடியாது. என் மகளின் பதிவு ஆறு நிமிடம்தான்.

கதையை ஒரு முறை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் கேட்டால் வேறு கதை வரும்.

2. அன்றிரவே சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்

ஆறு நிமிடப் பதிவை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. தள்ளிப்போட்டால் குழந்தை கையால் காட்டியது, முகத்தால் செய்தது எல்லாம் மறந்துபோகும். அவற்றையும் அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொள்ளுங்கள். என் முதல் தோல்விக்கு அப்படி ஒரு குறிப்பு இல்லாததுதான் காரணம். கதை இப்படிப் போனது (அவள் பேச்சு வழக்கில் சொன்னதை எழுத்து வடிவில் தருகிறேன்):

"ஒரு நத்தை இருந்தது. அதன் முதுகில் வீடு இருந்தது. வீட்டுக்குக் கதவு இருந்தது. கதவுக்குப் பூட்டு இருந்தது. அப்புறம் சாவியைக் காணோம். அப்புறம் எறும்பிடம் கேட்டது, என் சாவியைப் பார்த்தாயா. இல்லை என்றது. அப்புறம் பட்டாம்பூச்சியிடம் கேட்டது. அப்புறம் மண்புழுவிடம் கேட்டது. மண்புழுவுக்குக் கண்ணே இல்லையே, அது எப்படிப் பார்க்கும். அப்புறம் காக்காவிடம் கேட்டது. அப்புறம் தவளையிடம் கேட்டது. தவளை வாயே திறக்கவில்லை. அப்புறம் மேலே ஒரு விமானம் போனது. அப்புறம் தவளை பார்த்தது. அப்புறம் சாவி விழுந்தது..."

விமானம் எனக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரிந்தது. அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, "தவளைதான் சாவியை விழுங்கியிருந்தது" என்று ஒரு வரியை நானே சேர்த்தேன். இரண்டாவது முறை பதிவைக் கேட்டபோதுதான், "தவளை பார்த்தது" என்பதற்கு முன்னால் அவள் "ஆ" என்று வாயைப் பிளந்து ஒலி எழுப்பியிருந்தது காதில் விழுந்தது. தவளை விமானத்தைப் பார்க்க வாயைத் திறக்கிறது, வாயிலிருந்த சாவி கீழே விழுகிறது. கதையின் அச்சாணியையே நான் பிடுங்கி எறிந்திருந்தேன்.

ஆகவே, பொருந்தாததாகத் தெரியும் எதையும் பதிவை மறுபடி கேட்காமல் அடிக்காதீர்கள். அதன் பிறகும் புரியாவிட்டால் குழந்தையிடமே காட்டி, "இதைப் படமாக வரைந்து காட்டு" என்று கேளுங்கள். விளக்கச் சொன்னால் குழப்பும். வரையச் சொன்னால் தெளிவாகிவிடும்.

இந்த முழு எழுத்துப் பிரதியைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் கைவைக்காதீர்கள். வெட்டும் வேலைக்கு வேறொரு நகல் எடுங்கள்.

3. வெட்டலாம், சேர்க்கக் கூடாது

நகலில் முதலில் போக வேண்டியது "அப்புறம்". பக்கம் புரள்வதே அந்தச் சொல்லின் வேலையைச் செய்துவிடும். ஆனால் அடிப்பதற்கு முன், ஒவ்வொரு "அப்புறம்" இருக்கும் இடத்திலும் ஒரு கோடு போட்டு வையுங்கள். கதை எங்கே நகர்கிறது என்பதைக் குழந்தையே அங்கே சொல்லியிருக்கிறது. அடுத்த படியில் பக்கம் பிரிக்க அந்தக் கோடுகள்தான் உதவும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வருபவை. நத்தை ஐந்து பேரிடம் கேட்கிறது. 16 பக்கத்தில் மூன்று பேருக்குத்தான் இடம். முதலாமவர் கேள்வியை நிலைநிறுத்துகிறார், இரண்டாமவர் அதைச் சற்றே புரட்டுகிறார், மூன்றாமவர் உடைக்கிறார். யார் அந்த மூன்று பேர் என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். மகள் பட்டாம்பூச்சியையும் காக்காவையும் விட்டுவிடச் சம்மதித்தாள். ஆனால் அவை படத்தில் எங்காவது இருக்க வேண்டும் என்றாள். அந்த நிபந்தனை மிகவும் உதவியது. எழுத்திலிருந்து வெட்டியவர்கள் படத்தில் குடியிருக்கலாம்.

பேச்சு வழக்கா எழுத்து வழக்கா என்ற கேள்வி இங்கே எழும். இரண்டுமே நன்றாக வரும். ஒரே புத்தகத்தில் கலந்தால்தான் வாசிக்கும்போது தடுக்கும். நான் எழுத்து வழக்கை எடுத்தேன், வாசிக்கப் பழகும் குழந்தை அதைத்தான் மற்றப் புத்தகங்களிலும் பார்க்கிறது என்பதால். வினைமுற்றுகளை மட்டும் மாற்றினேன். சொற்களையும் அவற்றின் வரிசையையும் தொடவில்லை. "கண்ணே இல்லையே" என்பதை "கண்கள் கிடையாது" என்று மாற்றியிருந்தால் அவள் குரல் அங்கேயே போயிருக்கும்.

4. பக்கங்களாகப் பிரியுங்கள்

இந்த வேலைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் 1 முதல் 16 வரை கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். முதல் பக்கம் தலைப்புக்கு. பிறகு 2–3, 4–5 என்று 14–15 வரை, எதிரெதிராகத் திறந்து நிற்கும் ஏழு இணைப் பக்கங்கள். கடைசி 16-ஆம் பக்கம் தனியாக நிற்கும்.

ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலப்புறம் வரும். அதைப் புரட்டினால்தான் அடுத்த இரட்டைப்படைப் பக்கம் தெரியும். ஆகவே கேள்வி, காத்திருப்பு, பயம் ஆகியவை ஒற்றைப்படையில் முடிய வேண்டும். பதிலும் திடுக்கிடலும் இரட்டைப்படையில் தொடங்க வேண்டும். நான் முதலில் கேள்வியை 4-இலும் பதிலை 5-இலும் வைத்திருந்தேன். குழந்தையின் கண் புத்தகத்தைத் திறந்ததுமே வலப்பக்கப் படத்துக்குப் போய்விடுகிறது. கேள்வியைப் படிக்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டது.

இறுதியில் அமைந்தது இது:

பக்கம் 2: ஒரு நத்தை இருந்தது. அதன் முதுகில் வீடு இருந்தது.
பக்கம் 3: வீட்டுக்குக் கதவு இருந்தது. கதவுக்குப் பூட்டு இருந்தது.
பக்கம் 4: சாவியைக் காணோம்!
பக்கம் 5: நத்தை எறும்பிடம் கேட்டது: "என் சாவியைப் பார்த்தாயா?"
பக்கம் 6: "இல்லை" என்றது எறும்பு.
பக்கம் 7: நத்தை மண்புழுவிடம் கேட்டது: "என் சாவியைப் பார்த்தாயா?"
பக்கம் 8: மண்புழுவுக்குக் கண்ணே இல்லையே!
பக்கம் 9: அது எப்படிப் பார்க்கும்?
பக்கம் 10: நத்தை தவளையிடம் கேட்டது: "என் சாவியைப் பார்த்தாயா?"
பக்கம் 11: தவளை வாயே திறக்கவில்லை.
பக்கம் 12: மேலே ஒரு விமானம் போனது.
பக்கம் 13: தவளை "ஆ" என்று பார்த்தது.
பக்கம் 14: சாவி விழுந்தது.
பக்கம் 15: நத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.
பக்கம் 16: சாவி வெளியே இருந்தது.

மொத்தம் 63 சொற்கள். ஒரு பக்கத்தில் ஏழு சொல்லுக்கு மேல் இல்லை. இரண்டு மூன்று வரிகள் வரை தாராளமாக வைக்கலாம். அதைத் தாண்டினால் எழுத்து படத்தின் இடத்தை விழுங்கத் தொடங்கும்.

தவளையின் வாயில் சாவி இருக்கிறது என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 11-ஆம் பக்கப் படத்தில் தவளையின் ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு வரியையும் படத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை வரியும் சொன்னால் வரியை எடுத்துவிடுங்கள். நத்தை என்ன நிறம், எறும்பு எவ்வளவு சிறியது, மழையா வெயிலா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டாம்.

5. வெற்றுத்தாளில் மாதிரி செய்து படித்துப் பாருங்கள்

நான்கு சாதாரணத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பக்க எண் போட்டு, வரிகளைப் பென்சிலால் எழுதுங்கள். குச்சி உருவங்கள் போதும். இதைக் கதை தெரியாத ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் அவர் தானாகக் கையை நீட்டிப் புரட்டப் பார்க்கிறார், எந்தப் பக்கத்தில் நீங்களே விளக்கம் சொல்லத் தொடங்குகிறீர்கள் என்று பாருங்கள். வாய்விளக்கம் தேவைப்படும் இடத்தில் படமோ பிரிப்போ சரியில்லை.

மாதிரியைப் பிரித்தால் எந்தப் பக்கங்கள் ஒரே தாளில் வருகின்றன என்பதும் தெரியும். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16-உம் 1-உம், மறுமுகத்தில் 2-உம் 15-உம். ஒரே முகத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். 8-உம் 9-உம் மட்டுமே எதிரெதிராகவும் ஒரே தாளிலும் அமையும். மடிப்பைத் தாண்டி நீளும் பெரிய படத்தை அங்கே வையுங்கள். வேறு இணைப் பக்கத்தில் வைத்தால் அது இரண்டு தாள்களாகப் பிரிந்து அச்சாகும், சற்று விலகினாலும் படம் ஒடிந்ததுபோலத் தெரியும். எங்கள் மண்புழு 8-இன் இடது ஓரத்தில் தொடங்கி 9-இன் வலது ஓரம்வரை படுத்திருக்கிறது.

6. படம் வரைய இரண்டு வாரம் கொடுங்கள்

ஒரு அமர்வுக்கு இரண்டு படம், இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் கடைசிப் படங்கள் கிறுக்கலாகி, குழந்தையே அவற்றை வெறுக்கும். அதேபோல இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம், ஆர்வம் வடிந்துவிடும்.

ஒரு பக்கப் படத்துக்கு ஏ4 தாளை நெட்டு வாக்கில் கொடுங்கள். மடித்த புத்தகத்தின் பக்கம் ஏ5, அதே விகிதத்தில் அதில் பாதி என்பதால் சுருக்கும்போது எதுவும் வெட்டுப்படாது. எழுத்துக்கு இடம்விட, தாளின் கீழ்ப்பகுதியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு காகிதப் பட்டையை லேசாக ஒட்டிவிடுங்கள். "இங்கே வரையாதே" என்று சொல்லித் தடுப்பதைவிட இது எளிது.

நத்தை பக்கத்துக்குப் பக்கம் வேறு உருவில் வரும். அது பரவாயில்லை. ஆனால் அது அதே நத்தைதான் என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டும். எங்களுடையது சிவப்புப் பூட்டு. முதல் நாளே அந்த அடையாளத்தைத் தனித்தாளில் வரைந்து, குழந்தை உட்காரும் இடத்துக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

வெளிக்கோட்டைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் போடச் சொல்லுங்கள். வெறும் பென்சில் கோடு அச்சில் மறைந்துபோகும். மெழுகு வண்ணம் தீட்டிய படத்தைப் புகைப்படம் எடுத்தால் பளபளப்பு விழும், ஸ்கேன் செய்வதே நல்லது. 300 டிபிஐ போதும். ஸ்கேனர் இல்லாவிட்டால் பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், பிளாஷ் இல்லாமல், கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள்.

7. எழுத்தை அமையுங்கள்

ஏ5 பக்கத்துக்கு எழுத்தளவு 20 முதல் 24 புள்ளி. வரி இடைவெளி ஒன்றரை மடங்கு வையுங்கள். தமிழில் மேலே புள்ளியும் கீழே சுழியும் வருவதால் நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். மடிப்புப் பக்கம் 15 மில்லிமீட்டரும் மற்ற ஓரங்களில் 10 மில்லிமீட்டரும் விடுங்கள்.

வரிகளை இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். இருபுறமும் நேராக்கினால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். வரியை எங்கே முறிப்பது என்பதை மென்பொருளிடம் விடாதீர்கள். "நத்தை உள்ளே போய்க் / கதவைச் சாத்திக்கொண்டது" என்று மூச்சு விடும் இடத்தில் நீங்களே முறியுங்கள்.

யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துரு வேறு கணினியில் குறியீடுகளாகச் சிதறிவிடும். சில பக்க அமைப்பு மென்பொருள்கள் யூனிகோடையும் சிதைக்கும்: "கொ", "போ" போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறிப் பிரிந்து நிற்கும். எங்கள் புத்தகத்தில் அதைக் கண்டுபிடிக்க 15-ஆம் பக்கத்தைப் பார்த்தால் போதும். சரியாக வந்ததும் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பக்கங்கள் 1 முதல் 16 வரை வாசிக்கும் வரிசையிலேயே இருக்கட்டும். அட்டை தனிக் கோப்பு.

8. அச்சிடுங்கள்

அச்சுக் கட்டணம் பெரும்பாலும் பக்க முகத்தைக் கணக்கிட்டே வரும். உள்தாள் நான்குக்கு எட்டு முகங்கள், அட்டைக்கு ஒன்று. ஆக ஒரு பிரதிக்கு ஒன்பது வண்ண முகங்கள். கதை ஒரே ஒரு பக்கம் நீண்டாலும் இன்னொரு தாள் வேண்டும். பக்க எண்ணிக்கை நான்கு நான்காகத்தான் ஏறும். அதனால்தான் முன்பே வெட்டச் சொன்னேன்.

முதல் பிரதியைக் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். அச்சுப் பெட்டியில் `Booklet` என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்கங்கள் தானாக இடம் மாறி அமையும். இருபுற அச்சில் `Flip on short edge` இருக்க வேண்டும். இது மாறினால் ஒவ்வொரு தாளின் பின்புறமும் தலைகீழாக வரும். முதல் தாளைக் கையில் எடுத்ததும் 1-இன் முதுகில் 2 நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்தாள் 120 ஜிஎஸ்எம் இருந்தால் பின்பக்க வண்ணம் தெரியாது. அட்டை 200 முதல் 250 வரை. அட்டையை மடிக்கும் முன் மடிப்புக் கோட்டில் அளவுகோல் வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் அழுத்தி இழுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் வண்ணம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அட்டையின் உட்புறத்தில் கதை சொன்னவரின் பெயர், வயது, சொன்ன தேதி ஆகியவற்றைக் கையால் எழுதுங்கள்.

9. தையுங்கள்

சாதாரண ஸ்டேப்ளரின் கை நடு மடிப்புவரை எட்டாது, கம்பி முனை குழந்தையின் விரலைக் குத்தவும் செய்யும். நூல் நல்லது. தாள்களையும் அட்டையையும் சேர்த்து மடித்து, மடிப்பில் நடுவே ஒன்றும் மேல் கீழ் ஓரங்களிலிருந்து 4 சென்டிமீட்டரில் ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் போடுங்கள். நூல் புத்தக உயரத்தைப்போல இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 55 சென்டிமீட்டர்.

ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுங்கள். மேல்துளை வழியே உள்ளே கொண்டுவாருங்கள். உட்புறமாகவே நடுத்துளையைத் தாண்டிப் போய்க் கீழ்த்துளை வழியே வெளியேற்றி, மறுபடி நடுத்துளைக்குள் நுழையுங்கள். உள்ளே ஓடும் நீண்ட நூலை நடுவில் பிடித்து, இரு முனைகளையும் அதன்மேல் முடிச்சிடுங்கள்.

முடிச்சு 8-க்கும் 9-க்கும் நடுவில், எங்கள் புத்தகத்தில் சரியாக மண்புழுவின் உடல்மேல் விழுந்தது. மிச்ச நூலை ஒட்ட நறுக்கப் போனேன். மகள் தடுத்துவிட்டாள். அது மண்புழுவின் பெல்ட்டாம். இரண்டு சென்டிமீட்டர் விட்டு நறுக்கினேன்.